பத்தாம் எண் ஊசியின் பருமன் என்ன?

முலுண்டுக் கடைத்தெருவில் கம்பளி நூல் விற்கும் கடைக்குச் சென்று, “பின்னல் ஊசி வேண்டும்” என்றால், கடைக்காரர் கேட்கும் முதற் கேள்வி, “எத்தனாம் நம்பர்?” என்பதே. மராத்தியில் “தஹா நம்பர்” என்பார். இந்தியில் “தஸ் நம்பர்” என்பார். நம்மவர் “பத்தாம் நம்பர்” என்பர். மூவரும் ஒரே ஊசியைத்தான் சொல்கின்றனர். அந்தப் பத்து என்பது என்ன? பத்து மில்லிமீட்டரா? அன்று. பத்து அங்குல நீளமா? அதுவும் அன்று. அந்த ஊசியின் குறுக்களவு 3.25 மில்லிமீட்டர். ஒன்பதாம் எண் ஊசி அதனினும் பருத்தது. பதினோராம் எண் ஊசி அதனினும் மெலிந்தது. எண் ஏற ஏற ஊசி இளைக்கிறது. இந்தத் தலைகீழ் வழக்கு எங்கிருந்து வந்தது, எண்ணே இல்லாத ஓர் ஊசி கையில் கிடைத்தால் அதன் அளவை எவ்வாறு காண்பது என்னும் இரண்டையும் நண்பர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை.

பின்னல் ஊசி என்பது அடிப்படையில் ஒரு துண்டுக் கம்பி. இங்கிலாந்தில் ஊசி செய்தவர்கள் கம்பி இழுப்போரின் கணக்கையே தம் சரக்குக்கும் எடுத்துக்கொண்டனர். கம்பி இழுப்போர் பருத்த உலோகக் கோலை ஒரு துளை வழியே இழுத்துச் சற்று மெலிதாக்குவர். பிறகு அதனினும் சிறிய துளை வழியே இழுப்பர். இவ்வாறு படிப்படியாக இறங்குவர். மெல்லிய கம்பி பல துளைகளைக் கடந்து வந்தது. ஆகவே அதற்குப் பெரிய எண். பருத்த கம்பி சிலவற்றையே கடந்தது. அதற்குச் சிறிய எண். எண் என்பது கம்பியின் பருமனைக் குறிக்கவில்லை. அது பட்ட பாட்டைக் குறிக்கிறது என்று வைத்துக்கொண்டால் குழப்பம் நீங்கிவிடும்.

தொடக்கத்தில் ஊருக்கு ஊர், பட்டறைக்குப் பட்டறை இந்த எண்கள் வேறுபட்டன. 1884-ஆம் ஆண்டில் பிரிட்டனில் ஒரே கம்பி அளவை சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. அதன்படி பத்தாம் எண் கம்பி 0.128 அங்குலம், அதாவது 3.25 மில்லிமீட்டர். பதினான்கிலிருந்து பத்து வரை ஒவ்வோர் எண்ணுக்கும் அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு கூடுகிறது. பத்திலிருந்து ஆறு வரை 16 பங்கு. ஆறிலிருந்து மூன்று வரை 20 பங்கு. பருமன் கூடக் கூடப் படியின் உயரமும் கூடுகிறது. எனவே, எண்களுக்கிடையே சமமான இடைவெளி உண்டென்று கருதிக் கணக்கிட்டால் விடை தவறும்.

1970-களில் பிரிட்டன் மெட்ரிக் முறைக்கு மாறியபோது, இந்த அளவுகளை மில்லிமீட்டரில் அருகிலுள்ள வசதியான எண்ணுக்கு நகர்த்தினர். பழைய எட்டு இப்போது 4 மில்லிமீட்டர், ஒன்பது 3.75, பத்து 3.25, பதினொன்று 3, பன்னிரண்டு 2.75. நம் நாட்டுக்கு இந்த எண்கள் வந்த வழியும் இங்கிலாந்துதான். நீலகிரியில் கேத்தி என்னும் ஊரில் இயங்கும் நீடில் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனம், இங்கிலாந்தின் ஸ்டட்லி என்னும் ஊசி நகரத்து நிறுவனத்தின் கிளையாக 1949-இல் தொடங்கப்பெற்றது. “போனி” என்னும் பெயருடைய பின்னல் ஊசிகள் அங்கிருந்தே வருகின்றன. பிரிட்டன் பழைய எண்ணைக் கைவிட்ட பின்னும், நம் கடைகளிலும் நம் வீட்டுப் பெண்களின் வாயிலும் அதுவே நிலைத்துவிட்டது.

அமெரிக்கர் வழி இதற்கு நேர் எதிரானது. அவர்கள் ஊசியில் எண் ஏறினால் பருமனும் ஏறும். அவர்களுடைய பத்து 6 மில்லிமீட்டர். நம்முடைய பத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. அமெரிக்காவிலோ கனடாவிலோ உள்ள உறவினர் அனுப்பிய பின்னல் குறிப்பில் பத்து என்று கண்டு நம் கடையில் பத்து வாங்கினால், பெரியவருக்கென்று தொடங்கிய மேலாடை பொம்மைக்குத்தான் பொருந்தும். இரண்டையும் இணைக்க ஓர் எளிய கணக்கு உண்டு. நான்கு முதல் பதினான்கு வரையுள்ள பிரிட்டன் எண்ணைப் பதினான்கிலிருந்து கழித்தால் அமெரிக்க எண் கிடைக்கும். எட்டுக்கு ஆறு, ஐந்துக்கு ஒன்பது, பன்னிரண்டுக்கு இரண்டு. ஏழுக்கு ஏழே வரும், 4.5 மில்லிமீட்டர் ஊசி ஒன்றில்தான் இரு நாடுகளும் ஒத்துப்போகின்றன. ஆனால் இந்தக் கணக்கு பத்திலும் பதினொன்றிலும் பொய்த்துவிடும். பத்துக்கு நான்கு என்று விடை வரும், உண்மையில் 3.25 மில்லிமீட்டர் ஊசியின் அமெரிக்க எண் மூன்று. பதினொன்றுக்கு, அதாவது 3 மில்லிமீட்டருக்கு, அங்கே வழக்கமான எண்ணே இல்லை. நம் வீடுகளில் மிகுதியாகப் புழங்கும் ஊசியிலேயே கணக்கு இடறுவதால், எண்ணை நம்புவதைவிட மில்லிமீட்டரை நம்புவதே அறிவுடைமை.

இனி அளக்கும் முறைக்கு வருவோம். அளவைத் தகடு என்பது அலுமினியத்திலோ பிளாஸ்டிக்கிலோ செய்த ஒரு பட்டை. அதில் வரிசையாக வட்டத் துளைகள். ஒவ்வொரு துளைக்கும் அருகே மில்லிமீட்டரும், சிலவற்றில் பழைய எண்ணும் பொறித்திருக்கும். ஊசி நுழையும் துளைகளில் மிகச் சிறியது எதுவோ அதுவே அதன் அளவு. இது நேராக அளப்பதன்று. இரு பக்கமும் மடக்கிப் பிடிப்பது. ஒரு துளையில் ஊசி போகிறது என்றால் அதன் பருமன் அத்துளைக்கு மேற்படவில்லை; அடுத்த சிறு துளையில் போகவில்லை என்றால் அதனினும் பெரியது. இவ்விரண்டும் சேர்ந்தால்தான் விடை. போகும் துளையை மட்டும் பார்த்துவிட்டு, போகாத துளையைப் பாராமல் விடுபவர் பாதி அளவையே அளந்தவர்.

எங்கள் எதிர்வீட்டில் திருநெல்வேலிப் பெரியம்மா ஒருவர் இருக்கிறார். முலுண்டின் குளிருக்குக் கம்பளி ஆடை தேவையில்லை. அவர் பின்னுவது டொராண்டோவில் மகளுக்குப் பிறக்கப்போகும் குழந்தைக்கு. முதுகுப் பக்கம் முடிந்துவிட்டது. முன்பக்கம் தொடங்கும்போது ஊசிகளில் ஒன்று காணாமற் போய்விட்டது. எஞ்சிய ஊசியின் தலைக்குமிழ் உடைந்து எப்போதோ விழுந்துவிட்டது. எண் அந்தக் குமிழில்தான் பொறித்திருந்தது. “தம்பி, இந்த ஒத்த ஊசிக்கு ஜோடி வாங்கணும். கடைக்காரன் நம்பர் கேக்கான். ஒம்பதா பத்தான்னு எனக்கு நினைவில்லய்யா. பயணத்துக்கு இன்னும் மூணு வாரந்தான் இருக்கு” என்றார்.

ஒன்பதா பத்தா என்பது சிறிய ஐயமாகத் தோன்றலாம். அரை மில்லிமீட்டர்தானே? கணக்கிட்டுப் பார்ப்போம். அவர் முடித்திருந்த முதுகுப் பக்கத்தை மேசையில் இழுக்காமல் விரித்து, அளவுகோலை வைத்து எண்ணினேன். 10 சென்டிமீட்டர் அகலத்துக்கு 24 கண்ணிகள். மொத்தம் 60 கண்ணிகள். ஆகவே அகலம் 25 சென்டிமீட்டர். முன்பக்கத்தை அரை மில்லிமீட்டர் பருத்த ஊசியில் பின்னினால் ஒவ்வொரு கண்ணியும் சற்றுப் பெருக்கும். அவரிடமிருந்த வேறொரு 3.75 மில்லிமீட்டர் ஊசியில் அதே நூலைக் கொண்டு ஒரு சிறு துண்டு பின்னச் சொன்னேன். 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணிகளே வந்தன. அதே 60 கண்ணிகள் இப்போது 27.3 சென்டிமீட்டர். முதுகு 25, மார்பு 27.3, பக்கங்களைச் சேர்த்துத் தைக்கும்போது முன்பக்கம் பை போலத் தொங்கும். நீளத்திலும் இவ்வாறே வரிசைகள் பெருத்து, கைத்துளைகள் ஒன்றோடொன்று பொருந்தா. ஆகவே பழைய ஊசியின் அளவை ஐயமறக் கண்டாக வேண்டும்.

முதலில் ஊசியை ஈரத் துணியால் துடைத்தேன். கையெண்ணெயும் கம்பளித் தூசியும் படிந்த ஊசி ஒரு துளை பெரிதாகக் காட்டும். பிறகு கண்ணாடி மேல் உருட்டிப் பார்த்தேன். வளைந்த ஊசி துள்ளும். நேரானது ஓசையின்றி உருளும். வளைவுள்ள இடத்தில் தகட்டை நகர்த்தினால் பருமன் சரியாக இருந்தும் ஊசி சிக்கிக்கொள்ளும். அடுத்து, ஊசியின் கூர்முனையை விட்டுவிட்டு நடுத்தண்டில் அளக்க வேண்டும். கூர்முனை சரிந்து மெலிவது; அது 2.5 மில்லிமீட்டர்த் துளையிலும் கொஞ்ச தூரம் நுழைந்துவிடும். “நுழைந்துவிட்டது” என்று அங்கேயே நின்றால், மிக மெல்லிய ஊசியை வாங்கிவருவோம். துளை தண்டின்மேல் இரண்டு விரற்கடையேனும் நகர வேண்டும்.

இந்த ஊசி 4 மில்லிமீட்டர்த் துளையில் ஆடிக்கொண்டே போயிற்று. 3.75-இலும் ஆட்டம் இருந்தது. 3.5-இல் ஆட்டம் குறைந்தது. 3.25-இல் தகட்டைப் பிடித்து ஊசியை நிமிர்த்தினால், அது தன் எடையால் விழவில்லை. விரலால் மெல்லத் தள்ள வழுக்கிக்கொண்டு சென்றது. 3 மில்லிமீட்டர்த் துளையில் கூர்முனை மட்டும் நுழைந்தது, தண்டு நின்றுவிட்டது. ஆக 3-ஐவிடப் பெரியது, 3.25-க்கு மேற்படாதது. பத்தாம் எண் என்று முடிவாயிற்று. மறுநாள் ஆய்வுக்கூடத்து வெர்னியர் அளவியால் தண்டின் மூன்று இடங்களில் பார்த்தேன்; மூன்றும் 3.24, 3.25 என்றே காட்டின. கடையில் “தஹா நம்பர்” வாங்கினார். வாங்கிய ஊசியையும் அதே துளையில் விட்டுப் பார்த்த பின்னரே கண்ணி ஏற்றினார்.

இங்கே விரல் உணர்ச்சிக்கு ஒரு வரம்பு உண்டு. துளையில் ஊசியைத் திருகி அழுத்தலாகாது. பிளாஸ்டிக் தகடு விட்டுக்கொடுக்கும். உலோக ஊசியை வலிந்து செலுத்தினால் நாளடைவில் துளையே பெருத்து, தகடு எல்லா ஊசிகளையும் ஒரு படி மெலிந்தனவாகக் காட்டத் தொடங்கும். எண் பொறித்த புதிய ஊசி ஒன்றை அவ்வப்போது அதன் துளையில் விட்டுப் பார்த்தால் தகட்டின் நலம் தெரிந்துவிடும். அது ஆடிக்கொண்டு சென்றால் அந்தத் துளையை நம்பவேண்டா. மூங்கில், மர ஊசிகளில் வேறொரு சிக்கல். அவை முழு வட்டமாக இருப்பதில்லை. துளை எப்போதும் மிக அகலமான பக்கத்தையே காட்டும். ஒரு பக்கம் உரசி மறு பக்கம் இடைவெளி தெரிந்தால் ஊசி நீள்வட்டமானது என்று கொள்க.

பாட்டி காலத்து இரும்பு ஊசிகள் பிரிட்டனின் பழைய கம்பி அளவைக்கு வெட்டப்பட்டவை. இன்றைய தகட்டின் மெட்ரிக் துளைகளோடு அவை முற்றும் ஒத்துப்போகா. பழைய பன்னிரண்டு 2.64 மில்லிமீட்டர், அது இன்றைய 2.75 துளையில் கொஞ்சம் ஆடும். பழைய பதின்மூன்று 2.34, அது இன்றைய 2.25 துளையில் நுழையவே நுழையாது, அடுத்த பெரிய துளையில் தளர்ந்து போகும். அத்தகைய ஊசியைக் கண்டால், தகடும் தவறன்று, ஊசியும் தவறன்று. இரண்டும் வெவ்வேறு காலத்து அளவுகள் என்று தெளிக.

மும்பையில் நாகதேவித் தெருக் கருவிக் கடைகளில் கிடைக்கும் கம்பி அளவைத் தகடும் இதற்குப் பயன்படும். வட்டமான எஃகுத் தகடு. விளிம்பைச் சுற்றிலும் வெட்டுகள். ஒவ்வொரு வெட்டின் அடியிலும் ஒரு வட்டத் துளை. அதை முதன்முறை கையில் எடுப்பவர் துளையில்தான் ஊசியை விடுவார். அந்தத் துளை அளப்பதற்கன்று. வெட்டில் அளந்த கம்பி தடையின்றி வெளியேற விட்ட இடம் அது. அளவு என்பது விளிம்பு வெட்டின் அகலமே. பின்னல் தகட்டில் துளை, கம்பித் தகட்டில் வெட்டு; இந்த வேறுபாட்டை மறந்தால் விடை பல எண்கள் தள்ளிப் போகும்.

குரோஷா ஊசியை அளப்பதில் கூடுதல் கவனம் வேண்டும். அதன் முனையில் கொக்கித் தலை; அதை அடுத்துக் குறுகிய கழுத்து; பின்னர் உருளையான தண்டு; அதன்பின் கட்டைவிரல் படியும் தட்டை; கடைசியில் பிடி. கண்ணிகள் உருவாகிப் பருமன் பெறுவது தண்டின் மீது. ஆகவே கழுத்துக்கும் தட்டைக்கும் இடைப்பட்ட அந்தச் சிறு தண்டையே அளக்க வேண்டும். பிடிப்பக்கமாக நுழைத்தால் பிடியின் பருமனே கிடைக்கும். தலைப்பக்கமாக நுழைத்தாலும், சில ஊசிகளில் தலை தண்டைவிடச் சற்று அகன்றிருக்கும். அப்போது துளை தலையைத்தான் அளக்கும். அவ்வகை ஊசிக்கு வெட்டுள்ள தகடோ வெர்னியர் அளவியோ தான் ஏற்றது. எண்களிலும் இங்கே குழப்பம் மிகுதி. அமெரிக்கரின் கம்பளிக் குரோஷா ஊசிகள் எழுத்தால் குறிக்கப்படுகின்றன, பி 2.25 மில்லிமீட்டர், ஜே 6 மில்லிமீட்டர். எழுத்து முன்னேற ஊசி பருக்கும். அவர்களுடைய எஃகுக் குரோஷா ஊசிகளிலோ எண் ஏற ஊசி மெலியும். ஒரே நாட்டில், ஒரே தொழிலில், இரண்டு எதிர்த்திசைகள்!

பூவேலைக்கான எஃகுக் குரோஷா ஊசி 2 மில்லிமீட்டருக்கும் குறைந்தது. சாதாரணத் தகடு 2-உடன் நின்றுவிடும். அங்கே அறிவியல் மாணவர் ஒருவர் தையல் நூலைக் கொண்டே அளக்கலாம். எண் தெரிந்த 2 மில்லிமீட்டர்ப் பின்னல் ஊசியின்மேல் மெல்லிய நூலை நெருக்கமாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் 20 சுற்றுச் சுற்றுக. தொடக்கத்திலும் முடிவிலும் மையால் புள்ளி வைத்து, நூலை அவிழ்த்து நீளத்தை அளக்க. நான் அளந்தபோது 141 மில்லிமீட்டர் வந்தது. அதே நூலை, அதே இழுப்புடன், எண்ணில்லாக் குரோஷா ஊசியின் தண்டில் 20 சுற்றுச் சுற்றினேன், 110 மில்லிமீட்டர். வேறுபாடு 31. ஒரு சுற்றின் நீளம் குறுக்களவைப் போல 3.14 மடங்கு, 20 சுற்றுக்கு 62.8 மடங்கு. 31-ஐ 62.8-ஆல் வகுத்தால் 0.49. இரண்டிலிருந்து அதைக் கழித்தால் 1.51, ஆகவே ஊசி 1.5 மில்லிமீட்டர். இம்முறையின் நயம் என்னவெனில், நூலின் தடிப்பு இரு முறையும் ஒரே அளவு சேர்வதால், கழிக்கும்போது தானே மறைந்துவிடுகிறது. நூலை அளப்பதில் 2 மில்லிமீட்டர் பிழை நேர்ந்தாலும் விடையில் 0.03 மில்லிமீட்டர்தான் மாறும். ஆனால் ஒரு முறை இறுக்கியும் மறு முறை தளர்த்தியும் சுற்றினால் கணக்கு கெடும். நீளாத பருத்தி நூலே தக்கது.

தகடு சொல்வது பருமனை மட்டுமே. அதே 3.25 மில்லிமீட்டரில் வழுக்கும் எஃகு ஊசியும், நூலைப் பற்றும் மூங்கில் ஊசியும் ஒருவர் கையிலேயே வெவ்வேறு கண்ணிகளைத் தரலாம். ஆதலால், பாதி முடிந்த வேலைக்குப் புது ஊசி வாங்குவோர் அளவோடு பொருளும் பழையதை ஒத்திருக்குமாறு பார்க்க. 15 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு துண்டு பின்னி, விளிம்புகளை விட்டு நடுவில் 10 சென்டிமீட்டருக்குள் கண்ணிகளை எண்ணுக. எண்ணிக்கை பழைய பக்கத்தோடு ஒத்தால் மேலே செல்லலாம். அளந்து கண்ட அளவை மில்லிமீட்டரிலேயே ஒரு சிறு சீட்டில் எழுதி, இணை ஊசிகள் இரண்டையும் சேர்த்து நூலால் கட்டி வைத்தால், குமிழ் உடைந்தாலும் அடுத்த முறை எவரும் தகட்டைத் தேட வேண்டியதில்லை.